மேலதிகாரி வீட்டுக் கல்யாணம், அதே நாளில் நம் வீட்டுக் காதுகுத்து: எப்படிச் சொல்வது?

கேள்வி: திருச்சியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் கண்காணிப்பாளர் தன் மனைவியோடு வீட்டுக்கே வந்து, தாம்பாளத்தில் வைத்து மகள் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூரில். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. அதே ஞாயிறு காலையில் இருக்கன்குடி கோயிலில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். பத்திரிகை வாங்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது?

பதில்:

பத்திரிகை வாங்கும்போது நீங்கள் ஒன்றும் சொல்லாதது நல்லதாகப் போயிற்று. மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டே "அன்னைக்கு வர முடியாதே" என்றால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அது அபசகுனமாகத்தான் படும். அதுவும் அவர் மனைவியும் கூட நிற்கும்போது. அந்த நேரத்துக்குரிய பேச்சு, "ரொம்ப சந்தோஷம் சார், மாப்பிள்ளை எந்த ஊரு, என்ன பண்றாரு" என்பது மட்டும்தான். வாங்குவது ஒரு நாள், வர முடியாததைச் சொல்வது இன்னொரு நாள். ஆனால் அந்த இன்னொரு நாள் தள்ளிக்கொண்டே போகக்கூடாது. பத்திரிகை வாங்கி இரண்டு மூன்று நாளுக்குள் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துச் சொன்னால், "அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே, ஏன் இவ்வளவு நாள் சொல்லலை" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் கிடையாது.

உங்களுக்கு வாய்த்திருக்கும் காரணம் தமிழ்நாட்டில் யாரும் எதிர்த்துப் பேச முடியாத காரணம். தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து இல்லை. கல்யாண வீட்டுக்காரருக்கும் மச்சினன் இருப்பார், அக்கா தங்கை இருப்பார்கள். தேதி மோதியதும் யாருக்கும் வியப்பாக இருக்காது. ஆடியில் ஒதுக்கி வைத்த விசேஷங்கள் எல்லாம் ஆவணியில் வந்து குவியும். அடுத்து வரும் புரட்டாசியைப் பலர் தவிர்ப்பார்கள். அதனால் ஆவணியில் ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் ஊரில் ஒரு மண்டபமும் காலியாக இருக்காது. அவரே தன் சொந்தக்காரர்கள் சிலரிடம் இதே பதிலைக் கேட்டிருப்பார்.

காரணம் பலமானது என்பதால் அதை வைத்து அடித்துப் பேசிவிடக் கூடாது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. "வர முடியாது" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வர வேண்டியதில்லை. காரணத்தை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். அந்தச் சொல்லை அவரே சொல்வார். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"சார், கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"போயிட்டிருக்குப்பா. சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாச்சு."

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரெண்டு நாளா நினைச்சிட்டிருக்கேன். அதே ஞாயித்துக்கிழமை காலையில எங்க அக்கா பொண்ணுக்கு இருக்கன்குடியில காதுகுத்து சார். மூணு மாசத்துக்கு முன்னாடியே குறிச்சது. நான்தான் தாய்மாமன்."

இங்கே நிறுத்திவிட வேண்டும். இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர், "அடடா, அப்ப நீ எப்படி வர முடியும்? உன் மடியிலதானே உக்கார வைக்கணும்" என்று தாங்களே முடித்துவிடுவார்கள். மறுப்பு அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. நீங்கள் அழைப்பைத் தட்டியவர் ஆகவில்லை, அவர் உங்களுக்கு விடை கொடுத்தவர் ஆகிறார். இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, அந்த இடைவெளியைப் பொறுக்க முடியாமல், "அதனால வர முடியாது சார், தப்பா நினைச்சுக்காதீங்க சார், எனக்கே ரொம்ப சங்கடமா இருக்கு சார்" என்று கொட்டிவிடுவது. அவர் சொல்ல இருந்த நல்ல வார்த்தைக்கு இடமே இல்லாமல் போய்விடும். "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லியே ஆகவேண்டும் என்றால் ஒரே ஒரு தடவை, கடைசியில்.

"மூணு மாசத்துக்கு முன்னாடியே குறிச்சது" என்ற சொல் சின்னதுதான், ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். கல்யாணத் தேதி அலுவலகத்தில் அடிபட்ட பிறகு நீங்கள் காதுகுத்துக்கு நாள் பார்த்தீர்களோ என்ற எண்ணம் அவருக்கு வராமல் தடுப்பது அதுதான். உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால், அதாவது நிச்சயதார்த்தத்தின்போதே அவர் வாய்வார்த்தையாகத் தேதி சொல்லியிருந்து, உங்கள் அக்கா வீட்டில் பிறகு நாள் குறித்திருந்தால், மூன்று மாதக் கதையைச் சொல்லாதீர்கள். "மாமா வீட்டுல அவங்க கோயில் பூசாரியைக் கேட்டு நாள் வெச்சுட்டாங்க சார், என்கிட்ட கேட்கலை" என்று உள்ளதைச் சொல்வதே மேல். நாள் வைப்பது பிள்ளையின் அப்பா வீட்டார்தான், தாய்மாமன் அல்ல என்பது அவருக்கும் தெரியும்.

சரி, எங்கே, எப்போது சொல்வது? அவர் தனியாக இருக்கும்போது, நேரில். மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்சம் ஆற அமர உட்காரும் நேரம் நல்லது. இரண்டு இடங்களைத் தவிருங்கள். ஒன்று, அவர் அலுவலகத்தில் மற்றவர்களுக்குப் பத்திரிகை கொடுத்துக்கொண்டு போகும் நேரம். நீங்கள் சொல்வதைக் கேட்டுப் பக்கத்து மேசைக்காரரும், "சார், எனக்கும் அன்னைக்கு…" என்று ஆரம்பிப்பார். இன்னொன்று, விடுப்புக் கேட்கும் நேரம். ஊருக்குப் போக சனிக்கிழமையோ திங்கட்கிழமையோ விடுப்பு வேண்டியிருக்கும். அந்த விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னால், விடுப்புக்காகத்தான் சொல்கிறீர்கள் என்று ஆகிவிடும். முதலில் வாய்வார்த்தை, ஒன்றிரண்டு நாள் கழித்துக் காகிதம்.

வாட்ஸப்பில் சொல்லவே கூடாது. அவர் தாம்பாளத்தோடு படியேறி வந்து அழைத்திருக்கிறார். அதற்கு நான்கு வரிச் செய்தியும் ஒரு கைகூப்பும் படமும் ஈடாகாது.

நேரில் சொல்லக் காத்திருக்கும் அந்த இரண்டு நாளில் ஒரு விபத்து நடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குத் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போக அலுவலகத்தில் யாராவது வேன் ஏற்பாடு செய்வார்கள், அனேகமாக ஒரு டெம்போ டிராவலர். தலைக்கு இவ்வளவு என்று பட்டியல் போட ஆரம்பித்து உங்களிடமும் கேட்பார்கள். "நான் வரலை, எனக்கு ஊர்ல காதுகுத்து" என்று அவரிடம் சொன்னால், உங்கள் செய்தி உங்களுக்கு முன்னால் கண்காணிப்பாளர் காதுக்குப் போய்விடும். அது போய்ச் சேரும் உருவமும் வேறாக இருக்கும்: "அவர் வரலையாம் சார்." பிறகு நீங்கள் எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் அவருக்கு அது ஆறின கஞ்சிதான். ஆகவே முதலில் அவர், பிறகுதான் வேன்காரர். அதுவரை, "ரெண்டு நாள்ல சொல்றேன்" போதும்.

இப்போது கொஞ்சம் சிக்கலான இடம். தஞ்சாவூர் உங்களுக்கு ஒன்றேகால் மணி நேரப் பயணம். "காலையில முடியலைன்னா பரவாயில்லை, சனிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வந்து தலையைக் காட்டிட்டுப் போயிடுப்பா" என்று அவர் கேட்கக்கூடும். இதற்குப் பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டு போங்கள், அங்கே நின்று யோசிக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வரவேற்பு ஆறரை ஏழுக்கு ஆரம்பிக்கும் என்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏற ஏழரை ஆகும். வரிசையில் நின்று, போட்டோ எடுத்து, சாப்பிட்டுக் கிளம்ப ஒன்பது. அங்கிருந்து மதுரை வழியாக, இருக்கன்குடிக்குப் பக்கத்திலிருக்கும் சாத்தூர் போய்ச் சேர 250 கிலோமீட்டருக்கு மேல். விடிகாலை இரண்டு மூன்று மணி ஆகிவிடும். காலையில் சீர்த்தட்டோடு முதல் ஆளாக நிற்க வேண்டியவர் நீங்கள். புதுத்துணி, கம்மல், பழத்தட்டு எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கும். மனைவி குழந்தைகளை முதல் நாளே ஊருக்கு அனுப்பிவிட்டு, ஓட்டுநர் வைத்து நீங்கள் மட்டும் இப்படிப் போய்வர முடியும் என்றால் தாராளமாகப் போங்கள். அரை மணி நேரம் மேடையில் தெரிந்துவிட்டால் இந்தப் பதிலின் மீதிப் பாதிக்கு வேலையே இல்லை. ஆனால் முடியுமா முடியாதா என்று மனதில் இழுபறி இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"பார்க்கிறேன் சார்", "முடிஞ்சா வந்துடறேன் சார்" என்ற பதில்களும் இங்கே ஆபத்து. சம வயதுக்காரர்களிடம் "பார்க்கிறேன்" என்றால் வரமாட்டார் என்று அவர்களாகவே புரிந்துகொள்வார்கள். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் சொல்லும்போது மேலதிகாரி காதில் அது "வருகிறேன்" என்றுதான் விழும். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று வரவேற்கும்போது அவர் கண் உங்களைத் தேடும். வரமாட்டார் என்று தெரிந்தவரை யாரும் தேடமாட்டார்கள். மனக்குறையெல்லாம் பிறப்பது இந்தத் தேடலில்தான். அதனால் அவர் வற்புறுத்தினால் இப்படிச் சொல்லலாம்: "சனிக்கிழமையே சீர் எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயாகணும் சார். வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். மறுவீடெல்லாம் முடிஞ்சு பொண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுல இருக்கறப்ப நானும் வீட்டுல அவளும் வந்து பார்க்கறோம் சார்." மறுப்போடு மறு தேதியும் கூடவே போகிறது, கவனியுங்கள். இந்த வருகையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையை அந்த நேரத்தில் எடுத்து நீட்டாதீர்கள். அழைக்கிற பாவனையில் கொடுத்தாலும் அது சாட்சிக் கடிதம் காட்டுவதுபோல் ஆகிவிடும். தன் மகள் கல்யாணத்தன்று அவர் வர முடியாது என்று தெரிந்தே கொடுக்கும் அழைப்பு வேறு.

அவருடைய மனைவியும் வீட்டுக்கு வந்து அழைத்ததால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. இது பலரும் மறப்பது. அலுவலகத்தில் அவரிடம் சொன்னால் போதும் என்று விட்டுவிடுவார்கள். அவர் கல்யாண அலைச்சலில் வீட்டில் சொல்ல மறந்துவிடுவார். கல்யாணம் முடிந்து வந்தவர் வராதவர் கணக்குப் பார்ப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். உங்கள் மனைவி அந்த அம்மாவுக்கு ஒரு போன் செய்து, "பட்டுப்புடவையெல்லாம் எடுத்தாச்சாம்மா?" என்று ஆரம்பித்து, விஷயத்தைச் சொல்லிவிடட்டும். ஐந்து நிமிடப் பேச்சு. அந்த அம்மா நிச்சயம், "நாத்தனார் பொண்ணு காதுகுத்துன்னா நீ இல்லாம எப்படிம்மா" என்பார்.

அடுத்தது மொய். கண்காணிப்பாளர் உங்களுக்கு முன்பு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று முதலில் உங்கள் வீட்டு மொய் நோட்டைப் புரட்டுங்கள். புதுமனை புகுவிழாவிலோ குழந்தையின் முதல் பிறந்தநாளிலோ அவர் 500 எழுதியிருந்தால், நீங்கள் அதற்குக் குறையாமல், கொஞ்சம் கூட்டி எழுதவேண்டும். செய்முறை என்பது அப்படித்தான் நடக்கிறது. முன்னால் கணக்கு எதுவும் இல்லை என்றால், உங்கள் பதவியில் இருக்கும் மற்றவர்கள் என்ன எழுதுகிறார்களோ அதுவே போதும். அவர்கள் 501 என்றால் நீங்களும் 501. போகாததற்கு ஈடாக 2,001 எழுதுவது நல்லெண்ணமாகத் தோன்றினாலும், நோட்டைப் படிக்கும்போது அது உறுத்தும், அபராதம் கட்டியதுபோல் இருக்கும். அரசு அலுவலகமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: ஊழியர்கள் பரிசு வாங்குவதற்கு நடத்தை விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது. கீழ் வேலை பார்ப்பவரிடமிருந்து வரும் பெரிய தொகை அவருக்கே சங்கடம். பத்திரிகையின் கீழே "அன்பளிப்பு தவிர்க்கவும்" என்று அச்சடித்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஒரு பூங்கொத்துக்கான பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கவரைக் கல்யாணத்துக்குப் போகும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து அனுப்புங்கள். கவரின் மேல் முன்னெழுத்தோடு பெயர், அலுவலகம், ஊர் மூன்றும் இருக்க வேண்டும். மொய் எழுதுகிறவர் பெரும்பாலும் பெண் வீட்டுச் சொந்தக்காரர், அவருக்கு உங்களைத் தெரியாது. வெறும் "செந்தில்" என்று இருந்தால் நோட்டில் நான்கு செந்திலில் ஒருவராகிவிடுவீர்கள். மொய் மேசையில் எழுதிய பிறகு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் தவறில்லை. கண்காணிப்பாளருக்கு நேராக ஜிபேயில் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். நோட்டில் ஏறாது, அவர் செல்போனில் ஒரு டிங் சத்தத்தோடு கணக்குத் தீர்ந்துபோன மாதிரி இருக்கும். மண்டபத்தில் ஒருவர் கையால் போய்ச் சேர்ந்தால், அங்கே உங்கள் பேச்சும் ஒரு நிமிடம் எழும்: "காதுகுத்துக்குப் போயிருக்காரு, என்கிட்ட கொடுத்து அனுப்பினாரு." அலுவலகப் பொதுப் பரிசு ஒன்று வாங்கினால் அதிலும் உங்கள் பங்கைக் கொடுத்துவிடுங்கள்.

பெண்ணின் அப்பாவுக்கு உங்கள் ஒரு குடும்பத்தின் நான்கு இலை குறைவது பெரிய விஷயமே இல்லை. அவர் கவலை வேறு. சம்பந்தி வீட்டார் முன்னால் அலுவலகத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஒரு கௌரவம். உங்களால் ஒரு தலை குறைகிறது. அதை வேறு வகையில் சரிக்கட்ட முடியும். வேன் ஏற்பாட்டை நீங்களே எடுத்துச் செய்யலாம். யார் யார் வருகிறார்கள் என்று கேட்டு, எத்தனை மணிக்கு எங்கே ஏறுவது என்று முடித்து, ஓட்டுநர் நம்பரை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போங்கள். தான் வராத கல்யாணத்துக்குப் பன்னிரண்டு பேரை அனுப்பி வைத்தவர் மேல் யாருக்கும் வருத்தம் இருக்காது. அலுவலகத்தில் எல்லோருக்கும் உள்ள வேலையே இது என்பதால் குழைவாகவும் தெரியாது. அதற்கு மாறாக, வாரம் முழுக்க மண்டபத்துக்கும் வீட்டுக்கும் அலைந்து எடுபிடி வேலை பார்த்தால்தான் மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கல்யாணத்தன்று காலையில் போன் செய்யாதீர்கள், அவரால் எடுக்க முடியாது. முந்தின இரவு ஒரு சின்ன வாழ்த்து வாட்ஸப்பில் போதும். அதில் மறுபடி வர முடியாத கதை வேண்டாம். காதுகுத்துப் படங்களைத் தாராளமாக ஸ்டேட்டஸில் போடலாம், உண்மையான காரணத்தின் வசதி இதுதான். காய்ச்சல், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பியவர்கள் மாட்டிக்கொள்வது ஏறக்குறைய எப்போதும் ஏதோ ஒரு மச்சினன் போட்ட குரூப் போட்டோவில்தான்.

உங்களைப் போலக் கெட்டியான காரணம் இல்லாதவர்களுக்கு இரண்டு வரி. காரணத்தை விவரிக்காமல், "குடும்பத்துல தவிர்க்க முடியாத ஒரு வேலை சார்" என்று நிறுத்துவது, ஜோடித்த கதையைவிட நன்றாக நிற்கும். வீட்டில் துக்கம் விழுந்து தீட்டு என்றால் அதை அவரிடம் நேராகப் போய்ச் சொல்லாமல், அலுவலக நண்பர் ஒருவர் மூலம் தெரியப்படுத்தினாலே போதும். அவர் எதுவும் கேட்கமாட்டார். அப்போது மொய்யையும் அனுப்பாமல் நாள் கழிந்த பிறகு கொடுக்கலாம். எத்தனை நாள் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கடைசியாக, கல்யாணம் விசாரிப்பது. போக முடியாத கல்யாணத்தைப் பிறகு வீட்டுக்குப் போய் விசாரிக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பது இதற்காகத்தான். அவர் விடுப்பு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள், "நல்லபடியா நடந்துச்சா சார்?" என்று நீங்களாகப் போய்க் கேளுங்கள். காதுகுத்துப் பிரசாதம் கொஞ்சம் எடுத்துப் போனால் பேச்சு தானாக நடக்கும். அவரே உங்கள் பக்கத்துக் கதையைக் கேட்பார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள், பெண்ணும் மாப்பிள்ளையும் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு, மனைவியோடு ஒரு சாயங்காலம் போங்கள். பழம், பூ, ஒரு பெட்டி இனிப்பு போதும். மொய் ஏற்கெனவே போய்விட்டதால் மறுபடி கவர் வேண்டாம். போனதும் கல்யாண ஆல்பத்தைக் கேளுங்கள். வந்திருந்தால் அதை முழுக்கப் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது ஒவ்வொரு பக்கமாக அந்த அம்மா, இது மாப்பிள்ளையோட பெரியப்பா, இது எங்க தம்பி என்று காட்டக் காட்ட நீங்கள் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஒரு மணி நேரம் பிடிக்கும், அதற்குத் தயாராகப் போங்கள்.